இறங்கும் வீட்டுக்கு அடியில்

வீடு இறங்குகிறது என்று அழைப்பவர்கள் எல்லோரும் விரிசலைக் காட்டுவார்கள். அது இன்னும் வளர்கிறதா என்பது தெரியாமல் நான் கடப்பாரையைத் தொடவிடுவதில்லை. விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒன்றை சிமெண்டு கலவையில் பதித்துத் தேதி எழுதிவிட்டால், அசைவு இருந்தால் கண்ணாடி உடைந்து சொல்லிவிடும். கரிசலில் ஒரு மழையும் ஒரு கோடையும் பார்த்தாக வேண்டும். அந்த மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். பல வீடுகளில் கழிவுநீர்க் குழாயைச் சரிசெய்வதோடு வேலை முடிந்துவிடும்.

கோவைப் பக்கம் ஒரு தளக் கருங்கல் கடைக்கால் வீட்டில் அப்படி முடியவில்லை. பின்மூலையில், மேலே அகன்று கீழே ஒடுங்கிய விரிசல். மூலை கீழே போகிறது என்பதற்கு அடையாளம். இரண்டு இடங்களில் குழி தோண்டிப் பார்த்தோம். முன்பக்கம் கடைக்கால், சுக்கான் எனப்படும் கெட்டியான சுண்ணாம்புக்கல் படிவத்தின் மீதே உட்கார்ந்திருந்தது. பின்மூலையில் மூன்றரை அடியில் கடைக்கால் முடிந்தும் கரிசல்தான். சுக்கான் ஏழடியில் கிடைத்தது. போதாக்குறைக்குச் சமையலறைத் தண்ணீரும் அங்கேதான் விழுந்துகொண்டிருந்தது.

ஏழடி என்பதால் கடைக்காலுக்கு அடியில் சுக்கான்வரை குழி தோண்டிக் கான்கிரீட் நிரப்பும் பழைய முறையே போதும் என்று முடிவுசெய்தேன். தண்ணீரைத் திருப்பிவிட்டு, கூரைக்கு முட்டுக்கொடுத்து, கற்கள் உதிராதபடி கடைக்காலின் இடுக்குகளில் கலவை அடைத்தோம். பிறகு சுவரின் அடியை மூன்றடித் துண்டுகளாகப் பிரித்து எண்ணிட்டோம். முதலில் 1, 4, 7; அடுத்து 2, 5, 8; கடைசியில் 3, 6, 9. மேஸ்திரிக்கு இது வீண் தாமதமாகப் பட்டது. ஆனால் பக்கத்துத் துண்டு இறுகும் முன் அடுத்ததைத் தோண்டினால் சுவர் ஆறடி நீளத்துக்கு அந்தரத்தில் நிற்கும்.

உண்மையில் இந்த வேலை கெடுவது கடைசி மூன்று அங்குலத்தில்தான். கான்கிரீட்டைக் கடைக்காலின் அடிவரை ஊற்றினால், அது இறுகும்போது சுருங்கி, மெல்லிய இடைவெளி விட்டுவிடும்; சுவர் அந்த அளவுக்கு மறுபடி இறங்கும். அதனால் மூன்று அங்குலம் விட்டு நிறுத்தி, மறுநாள் ஒன்றுக்கு மூன்று சிமெண்டு மணல் கலவையை, கையில் பிடித்தால் உருண்டையாகும் அளவு ஈரத்தில் மட்டும், கட்டையால் இடித்துத் திணிக்க வேண்டும். அரைகுறையாகத் திணித்தால் வெளியே எதுவும் தெரியாது என்பதால் நான் பக்கத்திலேயே நின்றுகொள்வேன்.

இதனால் வீடு மேலே எழும்பாது, விரிசலும் மூடாது. இறக்கம் நிற்கும், அவ்வளவுதான். வீட்டுக்காரருக்கு இதைத்தான் பலமுறை சொல்ல வேண்டியிருந்தது.

சுக்கான் பதினைந்தடியில் இருந்திருந்தாலோ, குழியில் நீர் ஊறியிருந்தாலோ இந்த வழி ஆபத்து. அப்போது சுவரின் இருபுறமும் பைல் எனப்படும் ஆழமான தூண்களை இறக்கி, சுவரைத் துளைத்துக் குறுக்கு பீம் செலுத்தி அவற்றின்மேல் தாங்க வேண்டும். வீட்டுக்குள் தரையும் உடையும். பெரிய இயந்திரம் நுழையாத சந்து என்றால் மெல்லிய மைக்ரோ பைல். சிமெண்டுப் பாலைச் செலுத்தும் கிரவுட்டிங் மலிவு என்று பலர் கேட்கிறார்கள். இளகிய பருமணலில் அது ஊடுருவும். கரிசலில் ஊடுருவாது, இருக்கிற வெடிப்பில் ஓடி நின்றுவிடும்.