தம்பி, மனோன், அந்தக் கடைசி எட்டு நிமிடம்

ஜூன் 2

தம்பியின் பாக் தேர்வு, பிரெஞ்சு இலக்கிய வாய்மொழிக்கான அழைப்புக் கடிதம் வந்துவிட்டது. 24ஆம் திகதி காலை, தெரியாத ஒரு லிசேப் பள்ளியில். இரண்டு பஸ் மாற வேண்டும். அம்மா கடிதத்தைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறா.

ஜூன் 5

எழுத்துத் தேர்வைப் பற்றித் தம்பிக்குக் கவலை இல்லை. வாய்மொழியின் முதல் பாதிக்கும் பயமில்லை. அரை மணி நேரம் தயாரிக்கத் தருவார்கள், பிறகு பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு பகுதியை வாசித்து வரிவரியாக விளக்கி, இலக்கணக் கேள்வி ஒன்றுக்குப் பதில் சொன்னால் முடிந்தது. அது மனப்பாடத்துக்கு வளைந்து கொடுக்கும். மிச்சம் எட்டு நிமிடம்தான் பிரச்சினை. தான் தேர்ந்த புத்தகத்தைச் சுருக்கமாகச் சொல்லவேண்டும், அதற்குப் பிறகு எதிரில் இருப்பவர் அதைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். இருபதில் எட்டுப் புள்ளி அதற்கு. இவன் தேர்ந்தது ‘மனோன் லெஸ்கோ’. அபே ப்ரெவோவின் நாவல், 1731. ஏன் என்று கேட்டேன். “சின்னப் புத்தகம் அக்கா” என்றான். சரி.

குறிப்புத் தாளை வாங்கிப் பார்த்தேன். மனோன்: அழகி, சபலம், ஆடம்பரம், புரியாத பெண். தெ க்ரியூ: காதலுக்கு அடிமை, விளிம்புக்குத் தள்ளப்பட்டவன். திபேர்ஜ்: தெ க்ரியூவின் நண்பன், நல்லொழுக்கத்தின் குரல். எல்லாம் சரிதான், ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனால் வகுப்பில் எல்லாரிடமும் இதே தாள்தான் இருக்கும், அந்தம்மா அல்லது ஐயா ஒரு நாளில் இதை எத்தனை தடவை கேட்பாரோ.

ஜூன் 6

வேலை. களைப்பு. தம்பி பந்து விளையாடப் போய்விட்டான்.

ஜூன் 9

இன்று நான் கதிரையில் நேராக உட்கார்ந்து தேர்வாளராக நடித்தேன். தம்பிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“மனோன் சபலக்காரி எண்டு சொன்னீங்கள். யார் அப்படிச் சொல்லுறது?”

“கதையில இருக்கு.”

“கதையை யார் சொல்லுறது?”

“தெ க்ரியூ.”

“எப்ப சொல்லுறான்?”

இங்கேதான் நின்றுவிட்டான். ஆறு மாதமாக வகுப்பில் படித்த புத்தகம்! தெ க்ரியூ அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து, கலேயில் ஒரு விடுதியில், ரெனோன்கூர் என்ற பெரிய மனிதரிடம் சொல்லுகிறான். அப்போது மனோன் இறந்துவிட்டாள். ஒவ்வொரு வரியும் செத்துப்போனவளைப் பற்றி, அவளால் எல்லாம் இழந்தவன், தன்னைப் பார்த்து இரக்கப்படவேண்டிய ஒரு ஆளிடம் சொல்லும் வரி. அவள் முகத்தைக்கூட அவன் விவரிக்கவில்லை. கண் என்ன நிறம், முடி என்ன நிறம் என்று தேடிப்பார், கிடைக்காது. அழகி என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருப்பான்.

ஆகவே தேர்வாளர் ‘மனோன் அவனை உண்மையில் காதலித்தாளா’ என்று கேட்டால், ஆம் இல்லை என்று பாயக்கூடாது. அவளே பேசின இடம் எது என்று முதலில் தேடவேண்டும். கடிதம் இருக்கிறது. வேலைக்காரர்கள் எல்லாவற்றையும் திருடிக்கொண்டு ஓடின பிறகு, அவள் பணக்காரக் கிழவனிடம் போகுமுன் எழுதி வைத்தது. நீதான் என் உயிர், ஆனால் பாண் இல்லாத இடத்தில் எப்படிக் கொஞ்சுவது என்கிற மாதிரிக் கேட்கிறாள். அந்தக் கேள்விக்குத் தெ க்ரியூவிடம் பதிலே இல்லை, கோபமும் அழுகையும்தான். அவள் கணக்குப் பார்க்கிறாள், அவன் பார்க்கவில்லை. அவன் கணக்குப் பார்க்காமல் இருக்க முடிவது அவன் நல்ல குடும்பத்துப் பிள்ளை என்பதால். இதைத் தம்பி தானாகச் சொன்னான், நான் சொல்லவில்லை.

ஜூன் 10

புத்தகத்தின் முதல் பக்கங்களில் வரும் அந்தச் சங்கிலி.

ஜூன் 13

இரவு முழுக்க மழை. நித்திரை வரவில்லை, புத்தகத்தின் முதல் பக்கங்களைத் திரும்பப் படித்தேன். பாஸி என்ற ஊரில் வண்டிகள் நிற்கின்றன, பன்னிரண்டு பெண்கள், ஆறு ஆறு பேராக இடுப்பில் சங்கிலியால் கட்டப்பட்டு, அமெரிக்காவுக்கு நாடுகடத்தப் போகிறார்கள். ரெனோன்கூர் கூட்டத்துக்குள் தலையை நீட்டிப் பார்க்கிறார். அதில் ஒருத்தி, வேறு எந்த நிலையில் கண்டிருந்தாலும் பெரிய இடத்துப் பெண் என்று நினைத்திருப்பேன் என்கிறார். வேடிக்கை பார்ப்பவர்களிடமிருந்து முகத்தை மறைக்க, சங்கிலி விடும் அளவுக்குத் திரும்பிக்கொள்ள முயல்கிறாள்.

நாவலில் தெ க்ரியூவின் வாய் வழியாக இல்லாமல் நாம் மனோனைக் காணும் இடம் இது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, முகத்தைத் திருப்புகிறாள். எனக்கு இதை விடமுடியவில்லை. தம்பியை எழுப்பிச் சொல்லியிருப்பேன், அம்மா ஏசியிருப்பா.

ஜூன் 15

சொன்னேன். “சூப்பர் அக்கா, அதை அப்பிடியே எழுதித் தாங்கோ” என்றான். விசர். எழுதித் தந்தால் அதுவும் இன்னொரு குறிப்புத் தாள். தேர்வாளர் கேட்காத இடத்தில் அதைக் கொண்டுபோய்ச் செருகுவான், அவர் “அது சரி, நான் கேட்டது வேறு” என்பார், இவன் முகம் சிவக்கும். தாளுக்கு வெளியே கேள்வி வரும்போது பிள்ளைகள் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்கள், தெரிந்த கேள்விக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு போய்ப் பதில் சொல்வது. கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும், குரல் திடீரென்று வேகமாகும், வசனம் அச்சடித்தது போல வரும்.

அதற்குப் பதிலாக ஒரு காட்சிக்குப் போ என்றேன். சான் லசார் சிறையை எடுத்தோம். தெ க்ரியூ தப்பி ஓடும்போது வழிமறித்த வேலைக்காரனைச் சுட்டுக் கொல்கிறான். வெளியே வந்ததும் மனோனின் சகோதரன் லெஸ்கோவிடம், நீ ஏன் குண்டு போட்ட துப்பாக்கியைக் கொண்டுவந்தாய் என்று குற்றம் சாட்டுகிறான். செத்த ஆளுக்குப் பெயரே இல்லை.

“இவன் குற்றவாளியா, பாவமா?” என்று கேட்டேன்.

தம்பி கொஞ்சம் யோசித்து, “சுட்டது ஒரு வரி, சாட்டுச் சொல்லுறது அதுக்குப் பிறகு. அவன் கொலைகாரன் எண்டு நான் சொல்லேல்ல, ஆனா சாட்டுச் சொல்ல நல்லாப் பழகினவன்” என்றான்.

இது தாளில் இல்லை. இதற்குப் புள்ளி கிடைக்கும்.

ஜூன் 18

சூடு. வீட்டில் ஒரு விசிறிதான். இன்று திபேர்ஜ் பக்கமே போகவில்லை. அவன் எளிது என்கிறான் தம்பி, நல்லவன், முடிந்தது.

ஜூன் 21

நல்லவன் என்றால் ஏன் காசு கொடுக்கிறான்? பலே ருவாயால் தோட்டத்தில் நண்பனைச் சந்தித்து, அது எங்கே போகும் என்று தெரிந்துகொண்டே நூறு பிஸ்தோல் காசு ஏற்பாடு பண்ணுகிறான். உபதேசமும் பண்ணுகிறான். இதைக் கேட்டதும் தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது, “எல்லாத்திலயும் நீங்கள் ஏன் இப்பிடிக் கிண்டுறீங்கள்” என்று கதவை அறைந்தான்.

ஜூன் 23

சாப்பிட்டான், படுத்தான். ஒன்றும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜூன் 24

பத்து மணிக்கு அழைத்தான். பேச்சு ஒரே ஓட்டம், நடுவில் பஸ் சத்தம். முதல் பாதி சரி, இலக்கணக் கேள்வியில் தடுமாற்றம். பிறகு தேர்வாளராக இருந்த அந்தம்மா மனோனைத் தொடவே இல்லையாம்! தம்பி தன் சுருக்கத்தில் திபேர்ஜ் பெயரை ஒரு தடவை சொன்னதைப் பிடித்துக்கொண்டு, “இப்படி ஒரு நண்பன் உங்களுக்கு வேண்டுமா?” என்று கேட்டிருக்கிறார்.

கொஞ்சம் பேசாமல் இருந்தானாம். பிறகு, “இதை நான் யோசிச்சதில்லை” என்று சொல்லிவிட்டு, வேண்டாம் என்றானாம். ஏன்? திபேர்ஜுக்குத் தெ க்ரியூமேல் இருப்பதும் தெ க்ரியூவுக்கு மனோன்மேல் இருப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான், கெட்டுப்போவான் என்று தெரிந்தும் விடமாட்டான்.

“புத்தகத்தில் எங்கே?” என்று கேட்டாராம்.

இவன் நூறு பிஸ்தோலைச் சொன்னான். அதற்குமேல் கடைசிப் பகுதியையும்: மனோன் புதைக்கப்பட்ட பிறகு திபேர்ஜ் கடல் தாண்டி வருகிறான், வழியில் கடற்கொள்ளையரிடம் பிடிபட்டுத் தப்பி. தெ க்ரியூ மனோனுக்காகக் கடல் தாண்டினான், இவன் தெ க்ரியூவுக்காகத் தாண்டினான்.

அந்தம்மா ஏதோ எழுதினாராம். என்ன எழுதினார் என்று பார்த்தாயா என்று கேட்டேன். “எப்பிடி அக்கா பாக்கிறது!”

ஜூன் 26

அப்போ ரெனோன்கூர்? கூட்டத்துக்குள் தலை நீட்டிப் பார்த்து, நாலு பொற்காசு கொடுத்துவிட்டுப் போன அந்த மனிதரைப் பற்றித் தேர்வில் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று இன்று ரயிலில் யோசித்துக்கொண்டு வந்தேன். தம்பியிடம் சொன்னால் புத்தகத்தை எறிவான். புள்ளி ஜூலையில்தான் வரும்.