டீச்சர் வீட்டு நாட்குறிப்பு: ஒரு பிள்ளையின் ஆங்கிலப் பத்தி

பிப்ரவரி 19, புதன்

மேல்மாடி லோரிக்காரர் வீட்டுப் பிள்ளை இன்று முதல் டியூஷனுக்கு வந்தாள். ஆறு வருடம் தமிழ்ப்பள்ளி, இப்போது படிவம் 1. தைப்பூசத்தைப் பற்றிப் பள்ளியில் எழுதிய ஆங்கிலப் பத்தியை நீட்டினாள். தாள் முழுக்கச் சிவப்பு வட்டம். எண்ணிப் பார்த்தேன், 16. அடியில் "கேர்லெஸ்" என்று ஒரு சொல், அதற்கு இரண்டு கோடு.

பிள்ளை எழுதியது இவ்வளவுதான்:

"ஆன் தைப்பூசம் டே ஐ வேக் அப் அட் ஃபோர், டேக் பாத், பிரே அண்ட் வென்ட் டு டெம்பிள் வித் மை மதர். வீ கிளைம்ப் ஸ்டெப்ஸ், ஸீ முருகன் அண்ட் கேம் டவுன். மை மதர் பாட் ஒன் கார்லண்ட். ஐ கேரி கார்லண்ட் அண்ட் கேவ் டு மை ஆன்ட்டி. மை பிரதர் வாஸ் ஆங்ரி ஆன் மீ. வீ டேக் பஸ் அண்ட் ரீச்ட் டு ஹோம்."

"எங்கே தப்புன்னு தெரியுதா?" என்று கேட்டேன். "எல்லாமே தப்பு டீச்சர்" என்றாள். அதுதான் மனதை உறுத்தியது. 16 வட்டத்தையும் ஒரே நேரத்தில் பார்க்கும் பிள்ளைக்கு ஒன்றுகூடக் கண்ணில் படாது. தாளை வாங்கி வைத்துக்கொண்டேன். இரவு சாவகாசமாகப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 20, வியாழன்

பார்த்தேன். இந்தப் பிள்ளையிடம் கவனக்குறைவே இல்லை.

முதலில் வினைச்சொற்களை மட்டும் தனியாக எழுதினேன். தப்பானவை ஏழு: வேக் அப், டேக், பிரே, கிளைம்ப், ஸீ, கேரி, இன்னொரு டேக். சரியானவை ஆறு: வென்ட், கேம், பாட், கேவ், வாஸ், ரீச்ட். அந்த ஆறில் ரீச்ட் தவிர எல்லாம் ஒழுங்கில்லாத வினைகள். மனப்பாடம் செய்யாமல் வராதவை. அவை தெரிந்த பிள்ளைக்கு இறந்தகாலம் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

அப்புறம் வரிசையைக் கவனித்தேன். சரியான ஆறும் அந்தந்த வாக்கியத்தின் கடைசி வினை. தப்பான ஏழும் கடைசிக்கு முன்னால் நிற்பவை. ஒன்றுகூட விதிவிலக்கு இல்லை.

அந்த முதல் வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்தால் காரணம் தானாக வந்து நிற்கிறது. "நான்கு மணிக்கு எழுந்து, குளித்து, சாமி கும்பிட்டு, அம்மாவோடு கோயிலுக்குப் போனேன்." எழுந்து, குளித்து, கும்பிட்டு மூன்றும் வினையெச்சம். யார் செய்தார், எப்போது செய்தார் என்பதையெல்லாம் கடைசியில் வரும் "போனேன்" சுமக்கிறது. "எழுந்து, குளித்து, போவேன்" என்றால் அந்த எழுந்ததும் குளித்ததும் நாளைக்கு நடக்கப் போகிறவை. தமிழில் ஒரு வாக்கியத்துக்கு ஒரு முற்று போதும். பிள்ளை அந்த இலக்கணத்தைப் பிசகாமல் ஆங்கிலத்தில் கடைப்பிடித்திருக்கிறாள். ஆங்கிலம் அதை ஏற்காது. கமா போட்டு அடுக்கும் வினை ஒவ்வொன்றும் தன் காலத்தைத் தானே காட்ட வேண்டும்.

மலாயும் இங்கே கைகொடுக்காது. "பெர்கி" என்றால் போனேன், போகிறேன், போவேன் மூன்றும் அதுதான், வினைச்சொல் மாறுவதே இல்லை. பிள்ளைக்குத் தெரிந்த இரண்டு மொழியும் ஒரே பக்கம் இழுக்கின்றன.

பிப்ரவரி 22, சனி

இன்று சிவப்புப் பேனாவைத் தொடவில்லை. பத்தியைப் புதுத் தாளில் எழுதச் சொல்லி, ஓரத்தில் பென்சிலால் எண் மட்டும் போட்டேன். முதல் வாக்கியத்துக்கு நேரே 3, அடுத்ததற்கு 2, இப்படி. அந்த வாக்கியத்தில் அத்தனை வினை மாற வேண்டும் என்று பொருள். எது என்று சொல்லவில்லை. ஏ, தி, டு எதையும் பேசவே இல்லை. ஒரு தடவைக்கு ஒரு வகைத் தப்புதான்.

முதல் வாக்கியத்தின் தமிழை அடியில் எழுதச் சொன்னேன். வினையெச்சத்துக்குக் கோடு போடு என்றேன். தமிழ்ப்பள்ளிப் பிள்ளை, தயங்காமல் மூன்றுக்கும் போட்டாள். "இப்ப ஒவ்வொன்னையும் முற்றாக்கு." எழுந்தேன். குளித்தேன். கும்பிட்டேன். போனேன். ஒவ்வொன்றும் தனி வரி. பக்கத்திலேயே ஆங்கிலம்: வோக் அப், டுக், பிரேய்ட், வென்ட். பிறகு திரும்பக் கமா போட்டு ஒட்டினாள். அடுத்த வாக்கியத்துக்கு நான் வாயே திறக்கவில்லை. ஏறி என்பதை ஏறினோம், பார்த்து என்பதைப் பார்த்தோம் என்று அவளே முணுமுணுத்துக்கொண்டே கிளைம்ப்ட், சா என்று எழுதினாள்.

"அப்ப நான் தமிழ்ல யோசிச்சதுதான் தப்பா டீச்சர்?" என்று கேட்டாள். இல்லம்மா, தமிழில் யோசித்ததால்தான் இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்தாய் என்றேன்.

மார்ச் 1, சனி

எதிர்பார்த்தது நடந்தது. காய்ச்சலில் படுத்திருந்த நாளைப் பற்றி எழுதி வந்திருக்கிறாள். இப்போது எல்லா வினையும் இறந்தகாலம்! "ஐ டிட் நாட் வென்ட் டு ஸ்கூல். ஐ வான்டட் டு ஸ்லெப்ட். மை மதர் மேட் மீ டிராங்க் கஞ்சி."

புது விதியைக் கற்ற பிள்ளை அதைத் தேவையில்லாத இடத்திலும் போடும். இதைத் திட்டினால் கற்றதையும் விட்டுவிடும். மறுபடி தமிழையே எடுத்தோம். போகவில்லை. தூங்க விரும்பினேன். குடிக்க வைத்தார். போக, தூங்க, குடிக்க. "இது என்ன வாய்பாடு?" என்றேன். கொஞ்சம் யோசித்து, "செய" என்றாள். போன வாரம் பார்த்த எழுந்து, குளித்து எல்லாம் "செய்து" வாய்பாடு. ஆக, செய்து வந்தால் ஆங்கிலத்தில் கடைசி வினையின் காலத்துக்கு மாற்று. இந்த மூன்று வாக்கியத்தில் இருப்பதுபோல் செய வந்தால் மாற்றாதே: கோ, ஸ்லீப், டிரிங்க். காலத்தை டிட், வான்டட், மேட் சுமந்துவிட்டன. "போகவில்லை" என்பதில் காலமே இல்லை, நேற்றைக்கும் சொல்லலாம், இன்னும் கிளம்பாதவரும் சொல்லலாம். ஆங்கிலத்தில் டிட் வந்துதான் அது நேற்று என்று காட்டுகிறது.

தமிழ் இலக்கணம் இந்த இடத்தில் இத்தனை அழகாகப் பொருந்தும் என்று 20 வருடம் பாடம் நடத்தியும் நான் சொல்லிக் கொடுத்ததில்லை. அந்த வருத்தம் இருக்கிறது.

ஓர் எல்லையும் சொல்லி வைத்தேன். "பாடிக்கொண்டு வந்தார்கள்" என்பதை "சேங் அண்ட் கேம்" என்று எழுதக் கூடாது. இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால் "கேம் சிங்கிங்". கொண்டு வந்தால் இங் என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

மார்ச் 8, சனி

இன்றுதான் ஏ, தி. தைப்பூசப் பத்தியில் அது விடுபட்ட இடம் ஐந்து. எப்போதும் நாம் சொல்வது, தமிழில் இதற்கு ஈடு இல்லை, பழகப் பழகத்தான் வரும் என்பது. முழுக்க உண்மையில்லை.

இரண்டு வாக்கியம் எழுதினேன். "அம்மா மாலை வாங்கினார். நான் மாலையை அத்தையிடம் கொடுத்தேன்." முதல் மாலையில் ஐ உருபு இல்லை. இரண்டாவதில் இருக்கிறது. ஏன் என்று கேட்டேன். "ரெண்டாவது, அம்மா வாங்கின அதே மாலை டீச்சர்." அவ்வளவுதான் விஷயம். முதலாவது "ஏ கார்லண்ட்", இரண்டாவது "தி கார்லண்ட்". "நான் மாலை கொடுத்தேன்" என்றால் ஏதோ ஒரு மாலை. ஐ சேர்ந்ததும் கேட்பவருக்குத் தெரிந்த மாலை ஆகிவிடுகிறது.

இதை நம்பி ரொம்ப தூரம் போக முடியாது. ஆட்களுக்கு எப்போதும் ஐ வரும், "ஒரு பையனைப் பார்த்தேன்" என்பது "ஏ பாய்"தான். "ஒரு" வந்துவிட்டால் ஐ இருந்தாலும் ஏ. கோயிலுக்கு, படியில் என்று வேற்றுமை மாறினால் இந்த அடையாளமே கிடையாது. அங்கே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளச் சொன்னேன்: வாசிப்பவர் "எது?" என்று கேட்பாரா, மாட்டாரா? பினாங்கில் தைப்பூசத்துக்குப் படி ஏறினேன் என்றால் எந்தப் படி என்று யாரும் கேட்க மாட்டார்கள், தண்ணீர்மலையின் 500க்கும் மேற்பட்ட படிகள்தான். ஆகவே "தி ஸ்டெப்ஸ்".

"ஒன் கார்லண்ட்" பற்றியும் பேசினோம். ஒன் என்றால் எண்ணிக்கை, இரண்டல்ல ஒன்று என்று அழுத்திச் சொல்வது. வெறும் "ஒரு"வுக்கு ஏ போதும். உடனே "ஏ மில்க்" என்று எழுதிவிட்டாள். கடையில் "ஒரு பால், ஒரு தே ஓ" என்று கேட்கிறோமே, அது கிளாஸை எண்ணுவது. குடத்தில் இருக்கும் பாலை யாராவது ஒரு பால் என்பார்களா? அழித்துவிட்டு வெறும் "மில்க்" என்று எழுதினாள்.

மார்ச் 15, சனி

டு, ஆன், இன். இதில் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஏனென்றால் விதி குறைவு. நம்முடைய "இல்" ஒன்றே வீட்டில், மேசையில், பேருந்தில், பினாங்கில் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் பிரித்தாக வேண்டும். பேருந்து, ஃபெர்ரி போல நின்று நடமாட இடமுள்ளதற்கு ஆன், குனிந்து ஏறி உட்காரும் காருக்கு இன். இது மட்டும் சட்டென்று பிடித்துக்கொண்டாள், பட்டர்வொர்த் ஃபெர்ரியில் அடிக்கடி போகிற பிள்ளை.

மற்றவை சொல்லோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை. "என் மேல் கோபம்" என்பதால் "ஆன் மீ" வந்தது, அங்கே வித். "வீட்டுக்கு" என்பதில் உள்ள குகரம்தான் "டு ஹோம்" ஆனது. ரீச் என்ற சொல்லுக்குப் பின்னால் டு வேண்டாம். நோட்டில் ஆங்ரி என்று தனியாக எழுதாமல் "ஆங்ரி வித்" என்றே எழுதிப் படிக்கச் சொன்னேன். அப்படியே "கேவ் இட் டு". தமிழில் "கொடுத்தேன்" என்று விட்டுவிடலாம், ஆங்கிலத்தில் எதைக் கொடுத்தாய் என்பது வாக்கியத்திலேயே இருக்க வேண்டும்.

மார்ச் 22, சனி

புதுப் பத்தி, அவளுடைய பாட்டியைப் பற்றி. 11 வாக்கியம். அடுக்கு வினைகளில் ஒன்றுகூடத் தவறவில்லை. தி இரண்டு இடத்தில் விடுபட்டிருக்கிறது, இரண்டும் "இல்" வருகிற இடம், ஐ உதவாத இடம். ஓரத்தில் 1, 1 என்று எண் போட்டேன், ஒன்றைத் தானே பிடித்தாள். மற்றதை நான் காட்டினேன்.

ஒரு வாக்கியத்தை மட்டும் எண் போடாமல் விட்டிருக்கிறேன். "மை கிராண்ட்மதர் இஸ் லிவிங் வித் அஸ் சின்ஸ் 2019." 2019லிருந்து எங்களோடு இருக்கிறார். தமிழில் "இருக்கிறார்" என்ற நிகழ்காலமே போதும், ஆங்கிலத்தில் "ஹாஸ் பீன் லிவிங்" வேண்டும். இதற்குப் பாட்டி வந்த நாளையும் இன்றையும் ஒரே கோட்டில் வரைந்து காட்ட வேண்டும். அடுத்த சனிக்கிழமை அதுதான்.