ஐந்தாவது ஸ்லைடை யார் பார்க்கிறார்கள்?

"அந்தப் படத்தை ஒருத்தரும் பாக்கிறேல்லை அக்கா" என்று நான் சொன்னேன். "நான் பாக்கிறனான்" என்று அவர் சொன்னார். ஒரு வாட்ஸப் அழைப்பின் நடுவில் வந்துபோன இரண்டு வசனங்கள்தான். அதற்குப் பிறகு திகதி, விலை, மணவறைப் படம் என்று வேறு விஷயங்கள் கதைத்து முடித்தோம். அவர்களின் கல்யாண மண்டபத்துக்கு நான் செய்த இணையத்தள வேலையும் முடிந்தது. ஆனால் முகப்பில் படங்கள் தானாக மாறிக்கொண்டிருக்கும் ஸ்லைடர் பற்றி யாராவது கேட்கும்போதெல்லாம் அந்தப் பதில்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது.

கல்யாண மண்டபத்தை இங்கே நடத்துபவர் தம்பிக்காரர். அக்கா டொரன்டோவில். மண்டபத்தைக் கட்டியவர் இவர்களின் அப்பா. ஊரில் எல்லாருக்கும் ஐயா. தளத்தின் பழைய முகப்புப் பக்கத்தில் ஐந்து படங்கள் சுற்றிக்கொண்டிருந்தன: மண்டபத்தின் வாசல், சாப்பாடு, மணவறை அலங்காரம், வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் தங்கும் அறைகள், கடைசியில் மாலை போட்ட ஐயாவின் படம். ஒவ்வொன்றும் ஐந்து விநாடி. அதாவது பக்கம் திறந்து 20 விநாடி கழிந்த பிறகுதான் ஐயா வருவார்.

மண்டபத் தளத்துக்கு வருபவர் எதற்கு வருகிறார் என்று யோசித்தாலே அந்த 20 விநாடி எவ்வளவு நீளம் என்று விளங்கும். ஆவணியில் இந்தத் திகதி கிடைக்குமா, எத்தனை பேர் இருக்கலாம், ஏசி இருக்கிறதா, வாகனம் எங்கே விடுவது. இந்தக் கேள்விகளோடு வருபவரின் விரல் இரண்டாவது படம் வருவதற்கு முன்பே கீழே தள்ளத் தொடங்கிவிடும். மேலே சுற்றுவது அவருடைய கேள்விக்கான பதில் இல்லை என்று கண் முடிவெடுத்துவிடுகிறது.

இது பழைய விஷயம். 1998இலேயே ரைஸ் பல்கலைக்கழகத்தில் பென்வே, லேன் என்ற இருவர் இதை எழுதினார்கள். பக்கத்தில் ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பவர்கள், மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் போட்ட பதாகையைக் கவனிக்காமலே விடுகிறார்கள் என்று. 2013இல் இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் சொன்ன உதாரணத்தைத்தான் நான் வாடிக்கையாளர்களிடம் அதிகம் சொல்வேன். சலவை இயந்திரத்துக்கு ஏதும் விலைக்கழிவு இருக்கிறதா என்று ஒரு பயனரைத் தேடச் சொன்னார்கள். விலைக்கழிவு பக்கத்தின் உச்சியிலேயே 98 புள்ளி எழுத்தில் இருந்தது. அவர் அதைக் காணவில்லை. அது தானாகச் சுற்றும் ஒரு பட்டையில் இருந்தது; சுற்றுவது விளம்பரம் என்று கண் பழகிவிட்டது. எழுத்தின் அளவு அங்கே உதவவில்லை.

தம்பிக்காரருக்கு இதைச் சொன்னபோது அவர் பழைய அறிக்கை ஒன்றை எடுத்துக் காட்டினார். முன்பு தளத்தைச் செய்து கொடுத்தவர்கள் அனுப்பியது. ஒவ்வொரு ஸ்லைடும் பல ஆயிரம் தடவை பார்க்கப்பட்டதாக அதில் இருந்தது. ஐந்தாவதும் மற்றவைக்குக் குறைவில்லை. அவருக்கு அது பெரிய ஆதாரம். "பாருங்கோ தம்பி, எல்லாம் சமனாத்தான் போகுது" என்றார்.

சமனாகப் போனதே எனக்குச் சந்தேகம். தளத்துக்கு வருபவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸில் `view_promotion` என்ற நிகழ்வு ஸ்லைடர் ஒவ்வொரு தடவை மாறும்போதும் போய்க்கொண்டிருந்தது. பார்ப்பவர் கீழே இறங்கித் தொலைபேசி எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாலும், மேலே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஸ்லைடர் தன்பாட்டுக்குச் சுற்றும். சுற்றும்போதெல்லாம் ஒன்று கூடும். அது மாறியதன் எண்ணிக்கை, பார்த்ததன் எண்ணிக்கை இல்லை. ஸ்லைடரின் பாதியாவது திரைக்குள் இருந்தால் மட்டும் எண்ணும்படி `IntersectionObserver` வைத்து மாற்றினேன். `creative_slot` என்ற இடத்தில் எத்தனையாவது படம் என்பதையும் சேர்த்து அனுப்பினேன். சில கிழமைகளில் கணக்கு தலைகீழாகிவிட்டது. முதலாவது நன்றாக நின்றது, இரண்டாவதிலேயே பெரிய சரிவு, ஐந்தாவது கிட்டத்தட்டத் தரையில்.

கிளிக்கை நான் ஆதாரமாக எடுக்கவில்லை. ஐயாவின் படத்தில் அழுத்துவதற்கு இணைப்பே இல்லை. இல்லாத இணைப்பை ஒருத்தரும் அழுத்தவில்லை என்று சொல்வது நியாயமில்லை. ஆனாலும் மற்ற நான்குக்கும் நிலைமை வேறு தளங்களில் கண்டதோடு ஒத்துத்தான் இருந்தது. நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் முகப்பை 2013இல் அங்கே வேலை செய்த எரிக் ரன்யன் அளந்து எழுதியபோது, வந்தவர்களில் ஏறக்குறைய 1 சதவீதம் பேர்தான் ஸ்லைடரை அழுத்தியிருந்தார்கள். அந்தக் கொஞ்சப் பேரிலும் 80 சதவீதத்துக்கு மேல் முதலாவது படத்தைத்தான்.

போன் விஷயம் இன்னும் மோசம். ஐந்து படங்களும் 1920க்கு 700 அளவில் கணினிக்காகச் செய்தவை. எழுத்தைப் படத்துக்குள்ளேயே பதித்திருந்தார்கள். 360 பிக்சல் அகலமான போனில் அது 131 பிக்சல் உயரத்துக்குச் சுருங்கும். படத்தில் 40 பிக்சலில் எழுதியது போனில் ஏழரை பிக்சல். கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் அதை உற்றுப் பார்த்து வாசிக்கத் தொடங்கும்போது படம் மாறிவிடும். ஐந்து விநாடிக்கு மேல் தானாக அசையும் எதற்கும் நிறுத்துவதற்கு வழி வைக்க வேண்டும் என்று இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யு.சி.ஏ.ஜி. விதி சொல்கிறது, அதுவும் அடிப்படை மட்டத்திலேயே. அந்தத் தளத்தில் நிறுத்தும் பட்டன் இருக்கவில்லை. மெதுவாக வாசிப்பவரிடமிருந்து வசனத்தைப் பறித்துக்கொண்டு ஓடுவதை என்னால் ஒரு நாளும் நியாயப்படுத்த முடியாது. இதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

ஆகவே ஒரே படம் என்றேன். எந்தப் படம் என்பதில்தான் நேரம் போனது. வாசல் படம் தம்பிக்காரருக்குப் பிடித்தது, புதுசாகப் பெயின்ட் அடித்திருந்தார். ஆனால் வாசல் மண்டபத்தின் அளவைச் சொல்லாது. கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று, சனம் நிறைந்திருக்கும்போது மணவறையை நோக்கி எடுத்த ஒரு படம் அவர்களிடமே கிடந்தது. ஒரே பார்வையில் எத்தனை பேர் இருக்கலாம், கூரை எவ்வளவு உயரம், மணவறை பின்வரிசைக்குத் தெரியுமா என்று மூன்றுக்கும் பதில். எழுத்தைப் படத்துக்கு வெளியே எடுத்து, இருக்கைகளின் எண்ணிக்கையும் ஏசியும் ஒரே வரியில். கீழே "திகதி விசாரிக்க" என்ற பட்டன், அழுத்தினால் நேரே வாட்ஸப்.

ஒற்றைப் படம் போடுபவர்கள் அடிக்கடி தவறவிடுவது ஒன்று. பக்கத்தின் மற்றப் படங்களுக்குப் போடும் `loading="lazy"` இதற்கும் ஒட்டிவிடும். அப்போது இருக்கும் ஒரே படமும் பிந்தித்தான் வரும். இதற்கு நேர்மாறாகத்தான் செய்ய வேண்டும்:

```html
<img src="hall-800.jpg"
  srcset="hall-800.jpg 800w, hall-1600.jpg 1600w"
  sizes="100vw" width="1600" height="900"
  fetchpriority="high"
  alt="மணவறையும் நிறைந்த மண்டபமும்">
```

அகலமும் உயரமும் எழுதியிருப்பதால் படம் வரும்போது பக்கம் துள்ளாது. பெரிய படம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். ஸ்லைடர் பிளகினும் அதன் பின்னால் வந்த ஸ்கிரிப்டுகளும் போனதும் சாதாரண போனிலேயே அதற்குள் வந்தது.

தம்பிக்காரர் சம்மதித்தார். அக்கா அழைத்தது புதிய பக்கம் ஏறிய பிறகு. "தம்பி, அப்பாவின்ர படம் எங்கை?"

'எங்களைப் பற்றி' பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கிறேன், மண்டபத்தின் வரலாற்றையும் சேர்த்திருக்கிறேன் என்று சொன்னேன். உண்மைதான், அந்தப் பக்கத்தில் அவர் ஓடிப்போகாமல் நிற்கிறார், அக்கா வேண்டிய நேரம் வேண்டிய அளவு பார்க்கலாம். பிறகுதான் முதலில் சொன்ன அந்த இரண்டு வசனங்களும் வந்தன. அளந்து பார்த்துத்தான் சொன்னேன். ஆனால் என் அளவீடு மண்டபம் தேடி வருபவர்களுக்காகச் செய்தது. 20 விநாடி காத்திருந்த அந்தச் சிலரில் ஒருவர் அக்கா. அவர் திகதி விசாரிக்க வரவில்லை. படம் வரும் வரைக்கும் பக்கத்தைத் திறந்து வைத்திருந்திருக்கிறார்.

ஒரு தளம் யாருக்கு என்ற கேள்வியை நான் எப்போதும் முதல் சந்திப்பிலேயே கேட்பேன். வியாபாரத் தளத்துக்கு விடை வாடிக்கையாளர். அதில் மாற்றமில்லை, காசு செலவழித்துத் தளம் போடுவது அதற்குத்தான். ஆனால் பல ஸ்லைடர்கள் வாடிக்கையாளருக்காகப் பிறப்பதே இல்லை. சாப்பாட்டுப் பொறுப்பாளருக்கு ஒன்று, அறைகளுக்குக் காசு போட்ட மச்சானுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. ஒருவரையும் விடாமல் சேர்க்கும் வழி அது. நான் அதைக் கழற்றும்போது அந்த ஏற்பாட்டையும் சேர்த்துக் கழற்றுகிறேன். அதற்கு மாற்றாக நான் கொடுப்பது ஒரு வரைபடமும் ஒரு சதவீதமும். இது போதுமா என்று கேட்டால், வடிவமைப்புக்குப் போதும் என்பேன். மற்றதுக்கு எனக்குத் தெரியவில்லை.

அலங்காரப் படங்களைக் கீழே விரலால் தள்ளிப் பார்க்கும் தொகுப்பாக வைத்தேன். அதைக் கடைசிப் படம் வரைக்கும் தள்ளுகிறார்கள். அங்கே நேரம் பார்ப்பவரின் கையில் இருக்கிறது, அவர் கேட்டுத்தான் அடுத்த படம் வருகிறது. ஆகவே பல படங்கள் இருப்பதில் குற்றமில்லை என்று இப்போது நினைக்கிறேன். ஐயாவையும் அந்தத் தொகுப்பின் முதல் படமாக வைக்கலாம் என்று தம்பிக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். மணவறைப் படங்களுக்கு நடுவே மாலை போட்ட படம் சரிவராது என்கிறார். அதுவும் நியாயமாகத்தான் படுகிறது.

வாட்ஸப் விசாரிப்புகள் கூடியிருக்கின்றன. ஒற்றைப் படத்தின் பலன் என்று தம்பிக்காரர் எல்லாருக்கும் சொல்கிறார். நான் அப்படிச் சொல்வதில்லை. படம் மாறிய அதே நாளில் பக்கத்தின் வேகமும் மாறியது, பட்டனும் புதிது, நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் வெளிநாட்டுக்காரர் மண்டபம் தேடும் காலமும் அதுதான். எது எவ்வளவு கொடுத்தது என்று பிரிக்க வேண்டுமென்றால் முதலில் ஸ்லைடரின் சுற்றலை மட்டும் நிறுத்தி முதலாவது படத்தில் விட்டிருக்க வேண்டும், சில கிழமை பார்த்து, பிறகு படத்தை மாற்றி, பிறகு பட்டன். வருகை குறைந்த தளத்தில் இரண்டு பக்கங்களை ஒரே நேரத்தில் ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியாது. வித்தியாசம் தெளிவாகத் தெரிவதற்குள் முகூர்த்தக் காலமே முடிந்துவிடும். ஆவணிக்கு முன்னால் ஒரு மண்டபக்காரரிடம் போய் அவ்வளவு நாள் பொறுங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் சம்மதித்திருக்க மாட்டார்.