ஞாயிற்றுக்கிழமைக்கு எட்டுக் கோழிகள்

காங்கேயம் அருகே எங்கள் தோட்டத்தில் முப்பது நாற்பது சிறுவிடைக் கோழிகள் எப்போதும் மேய்ந்துகொண்டிருக்கும். அவற்றை உயிருடன் விற்பதே எங்கள் வழக்கம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் சில குடும்பத்தினர், அறுத்துச் சுத்தம் செய்து கொடுத்தால் வாரந்தோறும் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். வீட்டுச் சமையலுக்கு இருபது ஆண்டுகளாகக் கோழி அறுத்த கைதானே என்ற துணிச்சலில் நானும் ஒப்புக்கொண்டேன். முதல் வாரம் கொடுத்த எட்டுக் கோழிகளில் மூன்றுக்குக் குறை வந்தது. ஒன்றின் கழுத்தும் மார்பும் செக்கச்சிவந்து கிடந்தனவாம். இன்னொன்றின் தோல் மார்பில் கிழிந்து, அடியில் இருந்த சதை வெந்தது போல் வெளுத்திருந்ததாம். மூன்றாவதில் மறுநாள் காலையிலேயே வாடை வந்துவிட்டதாம். மூவருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வீட்டில் அறுத்த அரை மணி நேரத்தில் கறி அடுப்பில் ஏறிவிடுவதால், இந்தத் தவறுகளை அதுவரை நான் கண்ணால் பார்த்ததே இல்லை.

சிவந்த கோழிக்குக் காரணம் சொன்னவர், எங்கள் ஊரில் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கறிக்கடை வைத்திருக்கும் பாய். நான் விவரித்ததைக் கேட்டு, "உசுரு முழுசா அடங்குறதுக்கு முன்னாடி சுடுதண்ணியில போட்டிருக்கீங்க அக்கா" என்றார். எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று, ஏனெனில் அவர் சொன்னது உண்மை. அன்று அவசரத்தில், துடிப்பு நின்றதும் வெந்நீரில் முக்கிவிட்டேன். இரத்தம் முழுவதும் வடியாமல் தோலடியில் தங்கியிருக்கும் பறவையை வெந்நீரில் இட்டால் தோல் செக்கச்சிவந்துவிடும். மூச்சு முழுமையாக நிற்காத பறவையாக இருந்தால் அந்த அழுக்குத் தண்ணீரை நுரையீரலுக்குள்ளும் இழுத்துக்கொள்ளும். அந்தக் கோழி பட்ட வேதனைதான் தோலில் தெரிந்திருக்கிறது.

அதன் பிறகு அறுக்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். முன்பெல்லாம் இறக்கைகளைக் காலடியில் மிதித்துக்கொண்டு அறுத்துவிட்டு, தரையில் துள்ளும்படி விட்டுவிடுவோம். துள்ளும்போது இறக்கை எலும்பு முறிகிறது, சதை கன்றிப்போகிறது, மண்ணும் எச்சமும் வெட்டுவாயில் ஒட்டுகின்றன. இப்போது ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேனின் அடிப்பகுதியை வெட்டி எடுத்து, வாய்ப்பக்கத்தைத் தலை நுழையும் அளவுக்கு அகலப்படுத்தி, தலைகீழாகக் கம்பத்தில் ஆணியடித்து வைத்திருக்கிறேன். கோழியைத் தலைகீழாக அதற்குள் இறக்கினால் இறக்கைகள் உடலோடு ஒட்டி நிற்கும். இருட்டும் இறுக்கமும் சேர்ந்து அது சில நொடிகளில் அமைதியாகிவிடும். ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ பெட்டைக்கு இது சரியான அளவு. இரண்டு கிலோவைத் தாண்டிய சேவலுக்குப் போதாது. அதற்கென்று தகரத்தில் பெரிய புனல் ஒன்று செய்து வைத்துள்ளேன். புனல் பெரிதாக இருந்தால் கோழி உள்ளேயே திரும்பிக்கொண்டு பின்பக்கமாக ஏறி வந்துவிடும்.

இடக்கையால் தலையைப் பிடித்து, தாடைக்குச் சற்றுக் கீழே இறகுகளை விலக்கி, தொண்டையின் முன்புறம் ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். கழுத்தின் இரு பக்கமும் ஓடும் பெரிய இரத்த நாளங்கள் இரண்டும் அறுபட வேண்டும் என்பதே இதில் முக்கியம். ஒரு பக்கம் மட்டும் அறுபட்டால், மறுபக்கத்தின் வழியாக மூளைக்கு இரத்தம் போய்க்கொண்டே இருக்கும். கோழி நினைவோடு துன்புறும் நேரமும் நீளும். இரண்டும் சரியாக அறுபட்டால் இரத்தம் சொட்டாமல் பீறிட்டு ஓடும். சொட்டினால் உடனே இரண்டாம் முறை வெட்டிவிட வேண்டும், தயங்கக் கூடாது. கத்தியை ஒவ்வொரு நான்கு கோழிக்கும் ஒருமுறை சாணைக்கல்லில் தீட்டுகிறேன். மழுங்கிய கத்தி இறகில் வழுக்கும். அந்த ஒரு கணத்தில்தான் கோழி மிரளும்.

துடிப்பைப் பார்த்து உயிர் போய்விட்டதா என்று முடிவு செய்யக் கூடாது என்பதையும் பாயிடம்தான் கற்றேன். நினைவு போன பிறகும் கால்கள் உதைக்கும். சில நேரம் அசையாமல் இருக்கும் கோழிக்கு உயிர் இருக்கும். கழுத்து தொய்ந்திருக்கிறதா, வயிறு மூச்சுக்கு ஏறி இறங்குகிறதா, விரல் நுனியால் கண்ணைத் தொட்டால் உள்ளிமை மூடுகிறதா என்று மூன்றையும் பார்க்கிறேன். எப்படி இருந்தாலும் கைப்பேசியில் மூன்று நிமிடம் வைத்து, மணி அடிக்கும் வரை கோழியைப் புனலிலிருந்து எடுப்பதில்லை. இரண்டு புனல்கள் இருப்பதால் இந்தக் காத்திருப்பு வேலையைத் தாமதப்படுத்துவதும் இல்லை.

கிழிந்த தோலுக்குக் காரணம் வெந்நீரின் சூடு. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் இறகு உடனே வரும், ஆனால் தோலின் மேலடுக்கும் கூடவே வரும். மார்புச் சதையும் வெந்து வெளுக்கும். தோலோடு விற்கும் நாட்டுக்கோழிக்கு அறுபது முதல் அறுபத்துமூன்று டிகிரி சூடு போதுமானது. 200 ரூபாய் அளவில் கிடைக்கும் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கினேன். இந்தத் தொழிலில் நான் செய்த உருப்படியான செலவு அதுதான். வெப்பமானி கைவசம் இல்லாத நாளில், கொதிநீரும் குழாய்த் தண்ணீரும் சம அளவில் கலந்தால் ஏறக்குறைய அறுபத்துநான்கில் வந்து நிற்கும். ஒரு நிமிடம் ஆறவிட்டுத் தொடங்கலாம். கால்களைப் பிடித்துக்கொண்டு, இறகின் அடிவரை நீர் போகும்படி மேலும் கீழுமாக அசைத்து ஒரு நிமிடம் முக்க வேண்டும். இறக்கையின் பெரிய இறகை இழுத்தால் தடையில்லாமல் வர வேண்டும், காலின் செதில்தோலும் கழன்று வர வேண்டும், அதுதான் பதம். வயதான சேவலுக்கு இன்னும் அரை நிமிடம் பிடிக்கும். நான்காவது கோழிக்கு வரும்போது நீர் ஐம்பத்தேழுக்கு இறங்கியிருக்கும். அப்போது இறகு வரவில்லையே என்று பலமாக இழுத்தாலும் தோல் கிழியும். ஆகவே நான்கு கோழிகளுக்கு ஒருமுறை நீரையே மாற்றிவிடுகிறேன். அதற்குள் அது எச்சமும் இரத்தமும் கலந்து கலங்கிப் போயிருக்கும் என்பதும் ஒரு காரணம்.

இறக்கை, வால் இறகுகளை முதலில் பறித்துவிட வேண்டும், ஆறினால் அவை இறுகிக்கொள்ளும். மிஞ்சும் பூமுடிக்குக் காய்ந்த தென்னோலையைக் கொளுத்தி வாட்டுவோம். அச்சு மை இருப்பதால் செய்தித்தாளைக் கொளுத்துவதில்லை. மஞ்சள் தடவி வாட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். வாங்குபவர்களும் அந்த நிறத்தை எதிர்பார்க்கிறார்கள். ஆனால் மஞ்சள் பூசியதால் கறி கெடாது என்று நம்பி வெளியில் வைத்திருக்க முடியாது.

வயிற்றைத் திறப்பது தனி மேசை, தனிக் கத்தி, கழுவிய கை. இதில் பாதி வேலை முந்தைய இரவே முடிந்துவிடுகிறது. அறுப்பதற்குப் பத்து மணி நேரத்துக்கு முன்பு தீவனத்தை நிறுத்திவிட்டு, தண்ணீர் மட்டும் வைப்பேன். முதலில் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தேன். கோழிகள் மண்ணையும் எச்சத்தையும் கொத்தித் தின்று, காலையில் தீனிப்பை நிறைந்தே இருந்தது. இப்போது கம்பிவலைத் தரை போட்ட கூண்டில் அடைக்கிறேன். பதினான்கு மணி நேரத்துக்கு மேல் பட்டினி போட்டாலும் கேடுதான். குடல் மெலிந்து இழுக்கும்போதே அறுந்துவிடும். எச்சத்துளையைச் சுற்றி, குடலில் கத்திமுனை படாமல் வட்டமாக வெட்டி, கையை மேற்புறமாக நுழைத்து எல்லாவற்றையும் ஒரே பிடியில் வெளியே எடுக்க வேண்டும். குடல் கிழிந்து கழிவு பட்டால் கழுவினால் போகாது. அந்த இடத்தைச் சீவி எறிந்துவிட்டு, கோழியை எங்கள் வீட்டுக் குழம்புக்கு ஒதுக்கிவிடுவேன். ஈரலில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அதுவும் இல்லை, முழுக் கோழியும் குழிக்குத்தான். வெள்ளைக்கழிச்சலோ சளியோ தெரியும் கோழி புனலுக்கே வருவதில்லை.

வாடை வந்த கோழியின் கதைதான் எனக்குப் புரிய நெடுநாள் ஆயிற்று. அன்று ஐஸ் போட்டுத்தானே வைத்திருந்தேன் என்று எனக்கே சந்தேகம். அடுத்த வாரம் அதே அளவில் மீண்டும் செய்து, வெப்பமானியை மார்பின் தடித்த பகுதியில் எலும்பில் படாமல் குத்திப் பார்த்தேன். எட்டுக் கோழிகள், சுத்தம் செய்த பின் மொத்தம் ஒன்பது கிலோ. பத்து லிட்டர் குழாய்த் தண்ணீர். ஐந்து கிலோ ஐஸ். இரண்டு மணி நேரம் கழித்தும் மார்பு பதினொரு டிகிரியில் நின்றது, ஐஸ் முழுவதும் கரைந்திருந்தது. கல்லூரியில் படிக்கும் மகள் கணக்குப் போட்டுக் காட்டினாள்: அந்த ஐஸின் குளிர்ச்சியில் பெரும்பங்கு, இருபத்தெட்டு டிகிரியில் இருந்த தண்ணீரைக் குளிர்விக்கவே தீர்ந்துவிட்டது. கோழிக்கு மிஞ்சியது சொற்பம்.

இப்போது சுத்தம் செய்த கோழியை முதலில் கால் மணி நேரம் ஓடும் குழாய்த் தண்ணீரில் போட்டு, நாற்பது டிகிரிச் சூட்டின் முதல் பங்கை இலவசமாகவே எடுத்துவிடுகிறேன். பிறகு முந்தைய நாளே குளிர்பெட்டியில் வைத்த எட்டு லிட்டர் தண்ணீரோடு பன்னிரண்டு கிலோ ஐஸ். கால் மணிக்கு ஒருமுறை கிளறி, வயிற்றுக்குள்ளும் ஐஸ் நீர் புகும்படி கோழிகளைப் புரட்டினால், ஒன்றரை மணி நேரத்தில் மார்பு நான்கு டிகிரிக்கு வந்துவிடுகிறது. சிறிய கோழியை நான்கு மணி நேரத்துக்குள் அந்த அளவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். பாத்திரத்தில் கடைசி வரை கரையாத ஐஸ் மிதக்க வேண்டும். மீன் கடைக்கு வரும் கட்டி ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று தெரியாததால், குடிநீரை எவர்சில்வர் டப்பாக்களில் நாங்களே உறையவைக்கிறோம்; இதற்கென்றே பழைய உறைபெட்டி ஒன்றை வாங்க வேண்டியதாயிற்று. எடுத்த கோழியைப் பத்து நிமிடம் தொங்கவிட்டு நீர் வடிந்த பிறகே எடை போடுகிறேன். இல்லையென்றால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு வாங்கியதாகிவிடும்.

உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவுச் சான்று பெறுவது இவற்றை விட எளிதாக இருந்தது. நாளொன்றுக்கு ஐம்பது கோழிக்குள் அறுக்கும் சிறு அறுப்பவர் என்ற வகையில் விண்ணப்பித்தேன். அப்போது ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணமாக இருந்தது. இறகு, குடல், இரத்தம் எல்லாம் கிணற்றிலிருந்து தள்ளி வெட்டிய ஆழக் குழியில் சுண்ணாம்பு தூவி மண் மூடப்படுகின்றன.

இன்னும் தீராத வழக்கு ஒன்று உண்டு. அறுத்த சில மணி நேரத்தில் சதை விறைத்திருக்கும். அப்போதே சமைத்தால் நாட்டுக்கோழி எத்தனை விசில் விட்டாலும் ரப்பர் போல்தான் இருக்கும். அதனால் சனிக்கிழமை காலையிலேயே அறுத்து, இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வைத்து, ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கொடுக்கிறேன். வாங்குபவர்களில் சிலர், சில்லென்று இருந்தாலே அது பழைய கறி என்று முகம் சுளிக்கிறார்கள். பொட்டலத்தின் மேல் அறுத்த நேரத்தையும், எடுக்கும்போது மார்பு எத்தனை டிகிரி இருந்தது என்பதையும் பேனாவால் எழுதத் தொடங்கியதும் பெரும்பாலோர் சமாதானமாகிவிட்டார்கள். எதிர்வீட்டுப் பாட்டி மட்டும், "குளுந்த கறி வேண்டாம் கண்ணு" என்று இன்றும் உயிர்க்கோழியைத்தான் தூக்கிக்கொண்டு போகிறார்.