வீதியில் காயும் நெல்லும் இரண்டு நிமிட வீடியோவும்: ஒரு ஷொட் பட்டியல் உருவான கதை

மாசி, பங்குனி மாதங்களில் பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியால் போனவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. காலபோக வெட்டு முடிந்ததும் வீதி ஓரத்தில் நெல் காயும். பஸ் ஒரு பக்கம், நெல் ஒரு பக்கம், நடுவில் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டு ஒருவர் நடப்பார். இதைத்தான் இரண்டு நிமிடச் செய்தி விவரணமாகக் கைத்தொலைபேசியில் எடுக்க முடிவு செய்தேன். படப்பிடிப்பை விட, அதற்கு முன் கொப்பியில் செய்த வேலைதான் எனக்கு அதிகம் கற்றுத் தந்தது. அதனால் அதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கதையை ஒரே வசனத்தில் எழுதினேன்: "உலர்த்தும் தளம் இல்லாத கமக்காரர், நல்ல விலை கிடைக்க வேண்டும் என்பதற்காக நெல்லை வாகனம் ஓடும் வீதியில் காயவைக்கிறார்." பசளை விலை, குளத்து நீர்ப் பங்கீடு, யானை என்று சொல்ல எத்தனையோ இருக்கின்றன. ஆனால் 120 செக்கனுக்குள் ஒரு காரணமும் ஒரு விளைவும்தான் நிற்கும். இந்த வசனத்துக்குள் வராத எதையும் பட்டியலில் சேர்க்கவில்லை.

அதன்பின் பின்னணிக் குரலுக்கான உரையை எழுதி, கைத்தொலைபேசியின் ஸ்டொப்வோச்சை ஓடவிட்டு வாய்விட்டு வாசித்தேன். மனதுக்குள் வாசித்தால் நேரம் பிழைக்கும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, வாயில் வரும்போது இன்னும் நீளும். குரல் மொத்தத்தில் ஒரு நிமிடத்துக்குள் அடங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். மீதி நேரம் கமக்காரரின் பேச்சுக்கும் இடத்தின் சத்தத்துக்கும் வேண்டும். நெல்லைக் கிளறும்போது வரும் சரசரப்புக்கு மேல் யாரும் பேசாத நான்கைந்து செக்கன்கள் இல்லாவிட்டால், பார்ப்பவர் அந்த வீதிக்கு வந்து சேரமாட்டார்.

பட்டியல் எழுதத் தொடங்கிய பிறகுதான் உண்மையான சிக்கல் வந்தது. உரையில் ஒரு வசனம் இருந்தது: "காயாத நெல்லை வியாபாரி குறைந்த விலைக்கே எடுப்பார்." இதற்கு என்ன படம்? "வியாபாரி நெல் வாங்குகிறார்" என்று எழுதிவிடலாம். ஆனால் அது ஒரு நிகழ்வு. கமராவை எங்கே வைப்பது, எவ்வளவு கிட்டப் போவது, எத்தனை செக்கன் பிடிப்பது என்று எதையும் அது சொல்லாது. ஷொட் என்றால் ஒரு இடத்தில் நின்று ஒரு தடவையில் பார்க்கக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும். எனவே நெல் வாங்கும் இடம் ஒன்றுக்குப் போய், அங்கே கண்ணுக்கு என்னதான் தெரிகிறது என்று கமரா இல்லாமல் சும்மா நின்று பார்த்தேன்.

வாங்குபவர் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டார். மேலே காய்ந்திருந்தாலும் அடியில் ஈரம் இருக்கும் என்பதால் அடியிலிருந்துதான் ஒரு பிடி எடுத்தார். இரண்டு மணியைப் பல்லால் கடித்தார். நன்றாகக் காய்ந்த மணி 'டக்' என்று உடையும், ஈரமானது நசியும். பிறகு கொஞ்ச நெல்லை ஈரப்பதமானியில் போட்டார். இலக்கம் வரும்வரை நெல்லுக்குச் சொந்தக்காரர் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் கொடுப்பதென்றால் ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. வெட்டு மெசினிலிருந்து நேரே வரும் பச்சை நெல்லில் அது பெரும்பாலும் 20ஐத் தாண்டியிருக்கும். வீதியில் நெல் காய்வதற்குக் காரணமே இந்த இடைவெளிதான்.

அந்த ஒரு வசனத்துக்கு இப்போது ஐந்து ஷொட் கிடைத்துவிட்டது. மூட்டைக்குள் போகும் கை, குளோசப். கடிக்கும் வாய், அதிலும் கிட்ட, சத்தத்தோடு. மானியின் திரையில் இலக்கம் மாறி நிற்பது. பார்த்துக்கொண்டிருக்கும் கமக்காரரின் முகம். கடைசியாக, மூட்டைகளும் தராசும் ஆட்களும் தெரியும் வைட். செய்தி வீடியோ பழக்குபவர்கள் கை, முகம், முழுக்காட்சி, தோளுக்குப் பின்னிருந்து ஒன்று, வித்தியாசமான கோணம் ஒன்று என ஐந்து ஷொட் எடுக்கச் சொல்வார்கள். அமெரிக்கரான மைக்கேல் ரோசன்ப்ளூம் பரப்பிய முறை அது. நான் அதைச் சட்டமாகப் பிடிக்கவில்லை. ஆனால் ஒரு செயலைப் பார்த்ததும் முதலில் கையை எடு, பிறகு முகத்தை எடு என்ற ஒழுங்கு இங்கே சரியாகப் பொருந்தியது. மானியின் இலக்கத்தைப் பார்த்த கண், அடுத்ததாக அந்த மனிதரின் முகத்தைத்தான் தேடும்.

ஸ்டோரிபோர்டுக்கு சி.ஆர். கொப்பியில் எட்டு சென்ரிமீற்றர் அகலம், நாலரை சென்ரிமீற்றர் உயரத்தில் கட்டங்கள் கீறினேன். அதுதான் 16:9 அளவு. கைத்தொலைபேசியைப் படுக்கையாகப் பிடிப்பதா நிமிர்த்திப் பிடிப்பதா என்பதை இந்த இடத்திலேயே தீர்மானித்துவிட வேண்டும், பிறகு மாற்ற முடியாது. நீண்ட வீதியும் அதன் ஓரமாக ஓடும் நெல்லும் படுக்கைக் கட்டத்தில்தான் அடங்கும் என்பதால் அதையே எடுத்தேன். படம் கீறத் தெரிய வேண்டியதில்லை. குச்சி மனிதர், வீதிக்கு ஒரு கோடு, அசைவுக்கு ஒரு அம்பு, அவ்வளவு போதும். கட்டத்துக்குக் கீழே இரண்டு வரி: ஒன்றில் குரல் என்ன சொல்கிறது, மற்றதில் இயல்பான சத்தம் என்ன. பேட்டிக் கட்டத்தில் ஆளை ஒரு பக்கம் தள்ளி, அவர் பார்க்கும் பக்கம் இடம் விட்டுக் கீறினேன். கீழ்ப்பகுதியையும் வெறுமையாக விட்டேன், பெயரும் எழுத்துகளும் அங்கேதான் வரும்.

கீறி முடித்துக் கட்டங்களை வரிசையாகப் பார்த்தபோது, பட்டியலில் தெரியாத ஒன்று தெரிந்தது. பஸ் கடந்துபோகும் இரண்டு கட்டங்களில் அம்புகள் எதிரெதிராக இருந்தன. ஒன்றை நெல் கிடக்கும் ஓரத்திலிருந்தும் மற்றதை எதிர்ப்பக்கத்திலிருந்தும் எடுப்பதாக யோசித்திருந்தேன். அப்படியே வெட்டி ஒட்டினால் முல்லைத்தீவுக்குப் போகிற பஸ் திடீரென்று பரந்தனுக்குத் திரும்புவதுபோல் இருக்கும். எல்லா வாகன ஷொட்டுகளையும் வீதியின் ஒரே பக்கத்திலிருந்து எடுப்பதென்று மாற்றினேன். மறுபக்கம் போகவே வேண்டுமென்றால் இடையில் வீதியை நீளவாக்கில் நேராகப் பார்க்கும் ஒரு ஷொட் வேண்டும் என்றும் குறித்தேன். அதை எடுக்கக் கமராவோடு வீதி நடுவில் நிற்கக்கூடாது. ஓரத்தில் குந்தியிருந்து எடுத்தாலே போதும். இன்னொருவர் பின்னால் வரும் வாகனத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதையும் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே எழுதிவைத்தேன்.

ஸ்டோரிபோர்ட் கதையின் வரிசையில் இருக்கும். படப்பிடிப்புக்குக் கொண்டுபோகிற பட்டியல் அந்த வரிசையில் இருந்தால் அலைச்சல்தான் மிச்சம். நெல் காய்வதற்கு அதன் நேரம் உண்டு. பனி காய்ந்த பிறகு காலையில் பரப்புவார்கள், வெயில் ஏறக் கிளறுவார்கள், பொழுது சாய்வதற்குள் கூட்டி அள்ளிக் கட்டுவார்கள். அள்ளிய நெல்லை எனக்காகத் திரும்பக் கொட்டச் சொல்ல முடியாது, செய்திக்கு அப்படிச் செய்விப்பதும் தவறு. எனவே கட்டங்களுக்கு இலக்கம் போட்டு, அவற்றை நேரப்படியும் இடப்படியும் திரும்ப அடுக்கினேன். வீடியோ தொடங்குவது மாலையில் நெல்லைக் குவிக்கும் காட்சியோடு, ஆனால் பட்டியலில் அது அடியில் இருந்தது. ஒவ்வொரு வரியிலும் கட்ட இலக்கம், ஷொட்டின் அளவு, எங்கே, எப்போது, சத்தம் வேண்டுமா என்பவை மட்டும். திருப்பி எடுக்க முடியாத ஷொட்டுகளுக்குச் சிவப்புப் பேனையால் புள்ளி.

வீடியோவில் நாலு செக்கன் வரப்போகும் ஷொட்டையும் பத்து செக்கன் அசையாமல் பிடிப்பது என்பது பட்டியலின் தலைப்பிலேயே இருந்தது. தொடக்கத்திலும் முடிவிலும் கை ஆடும் பகுதியை வெட்டினாலும் நடுவில் நல்ல துண்டு மிஞ்சும். அதன் கீழே விமானப் பயன்முறை என்று எழுதியிருந்தேன். பதிவின் நடுவே அழைப்பு வந்தால் அந்த ஷொட் போய்விடும். வெயிலில் காயும் நெல் பளிச்சென்று இருப்பதால் கமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும். நான் வைத்திருந்தது ஐபோன். திரையில் முகத்தை அழுத்திப் பிடித்து AE/AF LOCK என்று வந்த பிறகே பதிவு தொடங்க வேண்டும் என்பதையும் சேர்த்திருந்தேன்.

பேட்டியில் வரப்போகும் பதிலை முன்கூட்டி எழுத முடியாது, கேள்வியைத்தான் எழுதலாம். "வீதியில் காயவைப்பது ஆபத்தில்லையா?" என்று கேட்டால் "ஓம்" என்ற பதிலோடு முடிந்துவிடும். எனவே "நெல் வீதியில் கிடக்கிற நாளில் உங்களுக்கு என்னென்ன வேலை, ஐயா?" என்று எழுதினேன். வேப்பமர நிழலில், காற்றுக்கு முதுகு காட்டிக் கமக்காரரை இருத்தி, இயர்போனின் மைக்கைச் சட்டையில் குத்தியிருந்தோம். அவர் காலையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்து, "இரவில நாங்கள் இதிலதான் தம்பி படுக்கிறது. மாடு வந்து மேஞ்சிடும். மழை தூறினா உடன எழும்பிப் படங்கு இழுக்கோணும். நனைஞ்சா முளைச்சுப் போடும்" என்றார்.

என் பட்டியலில் இரவே இல்லை. பேட்டி முடிந்ததும் மரத்தடியிலேயே இருந்து, அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் என்ன படம் வேண்டும் என்று எழுதினேன். குவியலைப் படங்கால் மூடும் கைகள், பக்கத்தில் விரித்த பாய், தலைமாட்டில் டோர்ச் லைட், கல் வைத்து அமர்த்திய படங்கின் ஓரம். நல்ல இருட்டில் கைத்தொலைபேசிப் படம் புள்ளி புள்ளியாகப் போகும் என்பதால், சூரியன் மறைந்து வானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும் கொஞ்ச நேரத்துக்குள் எல்லாவற்றையும் எடுப்பதாக வைத்தேன். அந்த நேரம் மிகக் குறுகியது. எனவே வெளிச்சம் அதிகம் தேவைப்படும் பாயின் வைட் முதலில், டோர்ச் வெளிச்சத்திலேயே எடுக்கக்கூடிய குளோசப் கடைசியில்.

இந்தக் கட்டங்களுக்கு இடம் வேண்டும் என்றால் வேறு எதையாவது நீக்க வேண்டும். நெல்லின் வகைகளைக் காட்டும் பகுதியை வெட்டினேன். பார்க்க அழகாக இருந்தது, ஆனால் முதலில் எழுதிய ஒற்றை வசனத்துக்குள் அது வரவில்லை. பேட்டியின் இருபது செக்கனில் அவர் முகம் தெரிவது முதல் ஐந்து செக்கன் மட்டும், மீதியில் அவர் குரலுக்கு மேல் பாயும் படங்கும் ஓடுகின்றன. பேட்டியை இரண்டு இடத்தில் வெட்டி ஒட்டியிருக்கிறோம், அந்த ஒட்டுகளை மூடுவதும் இதே ஷொட்டுகள்தான்.

வெட்டி ஒட்டியவர் வவுனியாவில் இருந்தார், வீதிக்கு வரவில்லை. அவருக்கு வீடியோத் துண்டுகளை வட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும் என்பதால் டொக்கியூமென்டாக அனுப்பினேன். ஒவ்வொரு கோப்பின் பெயரும் கட்ட இலக்கத்தோடு தொடங்கியது. கொப்பிப் பக்கங்களையும் படமெடுத்துச் சேர்த்தேன். அவர் என்னிடம் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பல்லால் கடிக்கும் ஷொட்டில் சத்தம் மெல்லியதாக இருக்கிறது, வேறு எடுத்திருக்கிறீர்களா என்று. அதே கட்ட இலக்கத்தில் இன்னொரு கோப்பு இருந்தது. அதை அனுப்பிவிட்டேன்.