அப்பா எழுதித் தந்த வாபஸ் கடிதம்

அந்தக் கடிதத்தில் மொத்தமே நான்கு வரிகள்தான். முப்பது ஆண்டுகள் அலுவலக மனுக்களோடு வாழ்ந்த அப்பாவின் முத்து முத்தான எழுத்தில், "தவறான புரிதலின் காரணமாக நான் கொடுத்த புகாரை முழு மனதுடன் திரும்பப் பெறுகிறேன், அதில் குறிப்பிட்டுள்ள சம்பவங்கள் எதுவும் நடக்கவில்லை" என்று இருந்தது. கீழே என் பெயர், அதற்கு மேல் கையெழுத்துக்காக விட்ட இடம். அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று நாட்கள் அலைந்தேன். இதே நிலையில் இருக்கும் யாருக்காவது உதவும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் மேலதிகாரியின் மீது அலுவலகத்தின் உள்ளகப் புகார்க் குழுவிடம் புகார் கொடுத்திருந்தேன். இரவு பதினொரு மணிக்கு மேல் வரும் குறுஞ்செய்திகள், கோப்பைப் பார்ப்பதுபோல் நாற்காலிக்குப் பின்னால் நின்று தோளில் வைக்கும் கை, விலகினால் மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் விழும் திட்டு என்று எட்டு மாதங்கள் போயின. கடைசிச் சம்பவம் நடந்து எழுபதாவது நாளில்தான் எழுதத் துணிந்தேன். 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதங்களுக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தப்பித்தது தற்செயல்.

முதல் முறை கொண்டு போன புகாரை மனிதவளப் பிரிவில் இருந்தவர் வாங்கவில்லை. ஆறு பிரதிகள் வேண்டும், சாட்சிகளின் பெயரும் முகவரியும் இணைக்க வேண்டும் என்றார். விதி அப்படித்தான் சொல்கிறது, அதில் அவர் மேல் குறையில்லை. ஆனால் திருப்பித் தரும்போது, "சமரசமாகப் போய்விடலாமே, உங்களுக்கும் வயது இருக்கிறது" என்று சேர்த்துக்கொண்டார். சமரசம் என்பது புகார் கொடுத்த பெண் தானாகக் கேட்டால் மட்டுமே, அதுவும் விசாரணை தொடங்கும் முன் நடக்கக்கூடியது. அதற்குப் பணம் அடிப்படையாக இருக்கவும் கூடாது. மறுநாள் ஆறோடு ஏழாவதாக ஒன்றையும் எடுத்துப் போய், அதில் தேதியும் முத்திரையும் போட்டு வாங்கிக்கொண்டேன். அந்த ஏழாவது பிரதியை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்.

அதன் பிறகு குழு ஒரு பிரதியை என் மேலதிகாரிக்கு அனுப்பியது, அவர் எல்லாவற்றையும் மறுத்துப் பதில் எழுதினார். அதுவரை சிக்கல் எதுவும் இல்லை. பிரச்சினை வீட்டுக்குள் நுழைந்தது மூன்றாவது வாரத்தில்தான்.

மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். என் மேலதிகாரி அவருக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்தவராம். புகாரில் நான் எழுதியிருந்த ஒரு வாசகத்தை அப்படியே கூடத்தில் உட்கார்ந்துகொண்டு மாமா சொன்னபோது எனக்கு உடல் கூசியது. அந்தக் காகிதத்தில் இருப்பது வெளியே போகக் கூடாது என்பது சட்டம், ஆனால் அது எங்கள் கூடம் வரைக்கும் வந்துவிட்டது. "அந்த மனிதருக்கும் குடும்பம் இருக்கிறது. உனக்கு நாளை வரன் பார்க்கும்போது இதையெல்லாம் தோண்டுவார்கள். இப்போது வாபஸ் வாங்கிவிடு, அவன் மறுபடி வாலாட்டினால் மறுபடி கொடுத்துக்கொள்" என்றார். அம்மா அழுதார். அப்பா பேசவில்லை. இரவில் மேசை விளக்கைப் போட்டுக் கடிதத்தை எழுதி, காலையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அம்மாவின் அழுகையைவிட அந்த மௌனம்தான் என்னைத் தளர்த்தியது என்பதை மறைக்க விரும்பவில்லை. கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றே முடிவு செய்திருந்தேன்.

நான்காவது நாள் குழுவின் முன் அழைக்கப்பட்டபோது, கையெழுத்திடாத அந்தக் கடிதத்தை எடுத்து நீட்டினேன். தலைவர் அம்மா படித்துவிட்டு, அருகில் இருந்த வெளி உறுப்பினரிடம் தந்தார். அவர் இரண்டு முறை படித்தார். பிறகு, "இது உங்கள் வாசகமா, வேறு யாராவது எழுதியதா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

"தொடர விருப்பமில்லை என்று நீங்கள் சொல்வது வேறு. நடக்கவே இல்லை என்று எழுதிக் கொடுப்பது வேறு. இரண்டாவதை எழுதினால், தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்ததாக உங்கள் மேலேயே கேள்வி எழ நீங்கள் வழிவிட்டதாகும்" என்றார்.

புகாரை நிரூபிக்க முடியாமல் போவது மட்டுமே குற்றமாகிவிடாது என்று சட்டம் சொல்கிறது. கெட்ட நோக்கத்தோடு கொடுத்த பொய்ப் புகார் என்று விசாரித்து நிறுவினால்தான் நடவடிக்கை எடுக்க முடியும். ஆனால் அப்படி நிறுவத் தேவையான முதல் ஆவணத்தை நானே அப்பாவின் எழுத்தில் சுமந்து போயிருக்கிறேன். மாமாவின் "மறுபடி கொடுத்துக்கொள்" என்பதும் அந்த அறையில் உடைந்தது. அன்றைக்குக் கணக்கிட்டால் கடைசிச் சம்பவத்துக்கு மூன்று மாதங்கள் கடந்துவிட்டிருந்தன. உரிய காலத்தில் கொடுக்க முடியாதபடி ஏதோ தடுத்தது என்று குழு ஏற்றால் மட்டுமே மேலும் மூன்று மாதங்கள் வரை நீட்டிக்க முடியும். தானே கொடுத்துத் தானே திரும்பப் பெற்ற ஒருத்தி அப்படி என்ன காரணம் சொல்ல முடியும்?

திரும்பப் பெறுவதா வேண்டாமா என்பதை வெளி உறுப்பினர் எனக்காகத் தீர்மானிக்கவில்லை. யோசிக்க ஒரு வாரம் கொடுத்தார்கள். சமரசம் கேட்டால் அதன் நிபந்தனைகள் எழுத்தில் பதிவாகும் என்றும், எதிர்த்தரப்பு அவற்றை மீறினால் விசாரணைக்கு வர முடியும் என்றும் சொன்னார்கள். அந்த வழியை நான் உண்மையிலேயே எடைபோட்டுப் பார்த்தேன். என் பயமெல்லாம் அடுத்த ஆண்டு மதிப்பீட்டை என் மேலதிகாரி எழுதுவார் என்பதில்தான் இருந்தது. அதற்குச் சமரசம் தேவையில்லை என்பது தெரிந்ததும் முடிவு எளிதானது: விசாரணை முடியும் வரை என் பணி மதிப்பீட்டை அவர் எழுதக் கூடாது என்று இடைக்கால நிவாரணம் கேட்டு எழுதிக் கொடுக்கலாம்.

அன்று இரவு அப்பாவிடம் அவர் எழுதிய கடிதத்தைத் திருப்பிக் கொடுத்து, எந்த வரி என்னை எங்கே நிறுத்தியிருக்கும் என்று சொன்னேன். மனுக்களின் வாசகத்தை வாழ்நாளெல்லாம் எடைபோட்டவருக்கு அதை விளக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மாமாவிடம் என்ன சொன்னாரோ தெரியாது. மாமா அதன் பிறகு வரவில்லை. அம்மா இன்னும் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

மறுநாள் காலை நான் எழுதி வைத்திருந்த இடைக்கால நிவாரண மனு மேசையில் கிடந்தது. குளித்துவிட்டு வந்தபோது அப்பா அதைக் கையில் எடுத்திருந்தார். பென்சிலால் ஓரிடத்தில் சுழித்திருந்தார்.

"தேதி போடவில்லையே" என்றார்.