நாலு பேரை வெட்டிவிட்டார்கள்

என் கொள்ளுத்தாத்தா மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர். போனவர் திரும்பவில்லை. அவர் அனுப்பியதில் மிஞ்சியது உறையோடு ஒரே ஒரு கடிதம். அதில் 'லயத்தில் நாலு பேரை வெட்டிவிட்டார்கள்' என்று இருப்பதாக எங்கள் வீட்டில் பரம்பரையாகச் சொல்லுவார்கள். லயம் என்றால் தோட்டத்துக் கூலிகள் குடியிருந்த வரிசை வீடு. அந்தப் பயத்தில்தான் தாத்தாவை அக்கரைக்கு அனுப்ப மறுத்துவிட்டார்களாம். வெட்டுக்குத்து நடக்கிற ஊர், நமக்கு எதற்கு என்று.

போன பொங்கலுக்குப் பெரியப்பா பெட்டியைத் திறந்து கடிதத்தை என்னிடம் கொடுத்தார். முழுக்கப் படிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது.

தாளை மேசையில் வைத்து நேராகப் பார்த்தால் பழுப்பில் பழுப்பு, ஒன்றும் தெரியவில்லை. சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகப் பக்கவாட்டில் விழும்போது செல்போனில் படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்ததும் எழுத்து எழும்பி வந்தது. ஆனால் எழுத்து தெரிவது வேறு, படிப்பது வேறு. எழுதியவர் புள்ளியே வைக்கவில்லை. குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்பு. 'ர'வும் துணைக்காலும் ஒரே மாதிரி ஒரு கோடு. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. 'பெர' என்று இருந்தால் அது பெர, பேர, பேர், போ என எதுவாகவும் இருக்கலாம். வாயால் உரக்கச் சொல்லிப் பார்ப்பதுதான் நான் கண்ட ஒரே வழி. கண்ணுக்குப் பிடிபடாதது காதுக்குப் பிடிபடும்.

முதல் வரி தேதி: 'பிரஜோற்பத்தி ௵ ஆவணி ௴ ௰௨ ௳'. வருடம், மாதம், நாள் மூன்றுக்கும் தனித்தனிக் குறி, நடுவில் பன்னிரண்டு. தமிழ் வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதால் இது 1871ஆகவும் இருக்கலாம், 1931ஆகவும் இருக்கலாம். உறை காப்பாற்றியது. தபால்தலையில் ராஜா தலை இல்லை, பாயும் புலி. அது மலாய்க் கூட்டு மாநிலங்களின் தபால்தலை. அங்கே ரப்பர் தோட்டங்கள் பெருகியதே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். ஆக, 1931 ஆகஸ்ட் கடைசி வாரம். முத்திரையில் பாதி எழுத்துதான் விழுந்திருந்தது. அதை 'தெலுக்கான்சன்' என்று படித்தேன், பேராக் மாநிலம்.

பிள்ளையார் சுழிக்குப் பிறகு ஆறு வரி வெறும் மரியாதை. தேவரீர், அநேக நமஸ்காரம், உபயக்ஷேமம். இதில் கொள்ளுத்தாத்தாவைத் தேடாதீர்கள். அவருக்கு எழுதத் தெரியாது, கடைசியில் கைநாட்டுதான். தோட்டத்தில் எழுதத் தெரிந்த யாரோ ஒருவர், எல்லாக் கடிதத்துக்கும் போடும் தலைப்பைப் போட்டிருக்கிறார். 'இப்பவும்' என்று ஒரு சொல் வரும் பாருங்கள், அங்கிருந்துதான் விஷயம். நடையும் அங்கேயே மாறிவிடுகிறது. 'வருகுது', 'போகணும்' என்று அவர் பேசியதை அப்படியே எழுதியிருக்கிறார்கள்.

அந்தப் பகுதியில் 'வெட்டு' என்ற சொல் ஐந்து இடத்தில் வருகிறது. விடிய முன்னமே வெட்டுக்குப் போகணும். மழையானால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாள் காசு இல்லை. இதையெல்லாம் அந்தக் காலத்தில் ஊரில் யாரோ படித்துக் காட்ட, வீட்டுப் பெண்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. வயலைத் தவிர வேறு தெரியாதவர்களுக்கு வெட்டு என்றால் அரிவாள்தானே!

பால்வெட்டு என்பது ரப்பர் மரத்தின் பட்டையைச் சாய்வாக மெல்லிசாகச் சீவி விடுவது. வெயில் ஏற ஏறப் பால் இறங்குவது குறையும், அதனால்தான் விடிவதற்கு முன்பே போக வேண்டும். மழை பெய்தால் பட்டை நனைந்து, பால் கோப்பைக்குப் போகாமல் மரமெல்லாம் வழிந்து வீணாகும். அன்றைக்கு வெட்டு கிடையாது, கூலியும் கிடையாது.

சரி, அந்த நாலு பேர்? வரி இப்படித்தான் இருக்கிறது: 'நமம லயததில நாலு பெர வெடடி விடடாரகள'. பார்த்ததும் எனக்கும் குலை நடுங்கியது. ஆனால் அடுத்த வரி 'என பெர இருககுது சாமி புணணியம'. என் பேர் இருக்குது. அப்படியானால் முதல் 'பெர'வும் பேர்தான். தோட்டத்து ஆட்களின் பதிவேடான செக்ரோலில் இருந்து நாலு ஆளின் பேரை வெட்டிவிட்டார்கள், வேலை போய்விட்டது!

அதற்குக் கீழே மடிப்பில் ஒரு வரி கறை பிடித்துக் கிடந்தது. அன்று ஊரில் படித்துக் காட்டியவர் அதைப் படிக்காமல் விட்டிருப்பார். 'அவரகள ரசுலாவில ஊர பொறாரகள'. ரசூலா யாரோ ஒரு ராவுத்தர், அவரோடு ஊருக்குப் போகிறார்கள் என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது, அது 'ரஜூலா' கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிக்கொண்டிருந்தது. 1930இல் ரப்பர் விலை விழுந்ததும் புதிதாக ஆள் எடுப்பது நின்றுபோய், அங்கே இருந்தவர்களிலும் பல்லாயிரம் பேரை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். வெட்டுப்பட்ட நாலு பேரும் அந்தக் கூட்டத்தில் கப்பல் ஏறியிருக்கிறார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் பெரியப்பா நம்பவில்லை. 'நீயாக ஒன்றை நினைத்துப் படிக்கிறாய்' என்றார். நியாயமான சந்தேகம்தான், புள்ளியில்லாத எழுத்தில் நாம் தேடுவது நமக்குக் கிடைத்துவிடும். அதனால் பணக்கணக்கை வைத்துச் சரிபார்த்தேன். நாள் கூலி ஐம்பது காசு இருந்தது நாற்பது ஆச்சு என்கிறார். அங்கே நூறு காசு ஒரு வெள்ளி. ஐந்து வெள்ளி அனுப்பியிருக்கிறார், ஏழே முக்கால் ரூபாய் கைக்கு வரும் என்கிறார். அப்போது ஒரு மலாயா வெள்ளிக்கு இங்கிலாந்துப் பணத்தில் 28 பென்ஸ், ஒரு ரூபாய்க்கு 18 பென்ஸ் என்று மாற்று விகிதம் கட்டி வைக்கப்பட்டிருந்தது. ஐந்து வெள்ளி என்றால் 140 பென்ஸ், பதினெட்டால் வகுத்தால் ஏழே முக்காலுக்குச் சற்று மேலே. வருடம், நாடு, என் வாசிப்பு மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தி நின்றன. நாற்பது காசு வீதம் அந்த ஐந்து வெள்ளி பன்னிரண்டரை நாள் கூலி. அரிசி, உப்பு, புகையிலை எல்லாம் போக அவர் அதை மிச்சம் பிடிக்க எத்தனை மாதம் ஆனதோ.

கடைசி இரண்டு வரி சின்னவனைப் பற்றி. சின்னவன் என்றால் எங்கள் தாத்தா, அப்போது ஐந்து வயது. மொட்டை போட்டாச்சா, நான் வரும் வரை போட வேண்டாம் என்று இருக்கிறது. 'போட வேண்டாம்' என்ற இடத்தில் மை இறங்கிப் பரவியிருக்கிறது, 'போட வேணும்' என்றும் படிக்கலாம். இதை மட்டும் எந்த வெளிச்சத்திலும் என்னால் தீர்க்க முடியவில்லை.

பெரியப்பாவிடம் முழுவதையும் உரக்கப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு, 'அப்ப எங்கப்பாவைச் சும்மாவேதான் தடுத்து வெச்சாங்களா?' என்றார். நான் பதில் சொல்வதற்குள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, 'அந்த மொட்டை வரியை இன்னொரு தரம் காட்டு' என்று கையை நீட்டினார்.